கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் – 17
சட்டை சைஸ் என்ன அண்ணே?

போன வாரம் எச்1 பதிவேட்டில் நிறுத்தியிருந்தோம். அல்பிரசோலம், டயஸிபாம், சோல்பிடெம் எதையும் டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது. தந்தால் யார் எழுதியது, யாருக்கு, எத்தனை என்று எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். விட்டுப்போனவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடியுங்கள். இந்த வாரம் மெலடோனின் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அதற்கு இடம் இருக்குமா என்று தெரியவில்லை. ஏனென்றால் இந்த வாரம் முழுக்க என் தலைக்குள் ஓடிக்கொண்டிருப்பது சட்டைக் காலர்.

காட்டாங்குளத்தூரில் மெடிக்கல் வைத்திருப்பவனிடம் தூக்கத்துக்கு மாத்திரை கேட்காத நாளே கிடையாது. பொத்தேரி ஹாஸ்டல் பிள்ளைகள், மறைமலைநகர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் மாறி மாறிப் பார்ப்பவர்கள், மகேந்திரா சிட்டிக்கு ராத்திரி வண்டி ஓட்டுபவர்கள், மகன் வெளிநாட்டில் இருக்கும் பெரியவர்கள். சீட்டு இல்லாமல் வருபவர்கள் கேட்பது பெரும்பாலும் அவில் மாதிரி அலர்ஜி மாத்திரைதான். தும்மலுக்கு வந்த மருந்தின் பக்கவிளைவாக வரும் மயக்கத்தை நம் ஊரில் தூக்கம் என்று வாங்கிப் போகிறார்கள். இந்த வகை மருந்துகள் ‘ஜி’ அட்டவணையில் வருபவை. டாக்டர் மேற்பார்வை இல்லாமல் சாப்பிடுவது ஆபத்து என்ற எச்சரிக்கை அட்டையிலேயே அச்சாகியிருக்கும். யாரும் படிப்பதில்லை.

ஆக, கொடுப்பதா, டாக்டரிடம் அனுப்புவதா என்ற முடிவை இரண்டு நிமிடத்துக்குள் கவுன்ட்டரில் எடுத்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரே வழி, ராத்திரியைப் பற்றி ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டு மிச்சக் கேள்விகளைப் பகலைப் பற்றிக் கேட்பது. தூக்கமே வராமல் தவிப்பவர் பகலில் சோர்ந்துபோய் இருப்பார். ஆனால் மதியம் படுக்கச் சொன்னால் அப்போதும் வராது. இன்னொரு வகை உண்டு. உட்கார்ந்தால் போதும், தலை தொங்கிவிடும். இந்த இரண்டாவது ஆளுக்குத் தூக்கம் குறையவில்லை, கெட்டுப்போயிருக்கிறது. அவருக்கு மாத்திரை கொடுக்கவே கூடாது.

சமீபத்தில் ஒரு கால் டாக்ஸி டிரைவர் வந்தார். நாற்பத்தாறு வயது. நம் கடையில் மாதா மாதம் பிரஷர் மாத்திரை வாங்குபவர்.

“சார், தூக்கத்துக்கு ஏதாவது குடுங்க. நைட்டுல நாலு தடவ முழிப்பு வருது.”

“படுத்தா தூக்கம் வரலையா, வந்தது நிக்கலையா அண்ணே?”

“படுத்தா அடுத்த நிமிஷம் தூங்கிடுவேன். ஒண்ணுக்கு வந்து எழுப்பி வுட்டுருது.”

“பகல்ல எப்படி?”

சிரித்தார். திண்டிவனம் சவாரி போய்த் திரும்பும்போது பரனூர் சுங்கச்சாவடி வரிசையில் கண் செருகிவிட்டதாம். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்துத்தான் எழுந்தாராம். அதைச் சிரிப்புக்குச் சொன்னார். நான் கம்ப்யூட்டரில் பழைய பில்லைத் திறந்தேன். போன வருடம் அம்லோடிபின் மட்டும். இந்த வருடம் அதோடு டெல்மிசார்ட்டானும் சேர்ந்திருக்கிறது. அப்படியும் பிரஷர் இறங்கவில்லை என்கிறார். வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போடச் சொன்னேன். குறட்டை விடுவாரா என்று கேட்டதும் அந்த அம்மா கொட்டித் தீர்த்துவிட்டார். “தெரு முனை வரைக்கும் கேக்கும் சார். நடுவுல சத்தமே நின்னுபோயிடும், மூச்சு வருதான்னு நான் உத்துப் பாப்பேன். அப்புறம் திடுக்குனு ஒரு இழுப்பு இழுத்து மறுபடி ஆரம்பிப்பாரு.”

அடுத்து நான் கேட்டதுதான் தலைப்பில் இருப்பது.

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்லியே ஆகவேண்டும். 2008இல் டொரன்டோவில் பிரான்சஸ் சுங் என்ற மயக்க மருந்து டாக்டரும் அவர் குழுவும் எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கு வருபவர்களில் தூக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும் ஆள் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்காக. மயக்க மருந்து டாக்டருக்கு இதில் என்ன கவலை என்கிறீர்களா? தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்வது எல்லோருக்கும் உண்டு. சிலருக்கு அது மூச்சுப் பாதையையே மூடிவிடும். பத்து விநாடி, சில சமயம் அதற்கு மேலும் காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை பதறி அவரை ஒரு கணம் எழுப்பி மூச்சை மீட்கும். காலையில் அவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. அல்பிரசோலம் மாதிரி மருந்துகள் தொண்டைத் தசையை மேலும் தளர்த்துவதோடு, எழுப்பிவிடும் அந்தப் பதற்றத்தையும் மந்தமாக்கும். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் எதற்குப் பயப்படுகிறாரோ, கவுன்ட்டரில் நான் அதற்கே பயப்படுகிறேன். ஒரே வித்தியாசம், அவர் பக்கத்தில் மூச்சுக்குழாயும் ஆக்சிஜனும் இருக்கும். டிரைவர் பக்கத்தில் தூங்கி வழியும் மனைவி இருப்பார்.

எட்டுக் கேள்வி இவை: சத்தமான குறட்டை, பகல் தூக்கம், மூச்சு நின்றதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், அதிக உடல் பருமன், ஐம்பதைத் தாண்டிய வயது, நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டிய கழுத்துச் சுற்றளவு, ஆணா என்பது. மூன்று ‘ஆம்’ வந்தாலே கவனிக்க வேண்டும். ஐந்து வந்தால் ஆபத்து அதிகம்.

மெடிக்கலில் நின்றுகொண்டு ஒரு மனிதரின் கழுத்தை எப்படி அளப்பது? இங்கேதான் காலர் வருகிறது. ரெடிமேட் ஃபார்மல் சட்டையில் 39, 40, 42, 44 என்று போட்டிருக்கிறதே, அது என்ன கணக்கு? மார்பளவு இன்ச்சில் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை, காலரின் சுற்றளவு, சென்டிமீட்டரில்! நம் ஊர் ஆண்கள் ஒவ்வொருவரும் இந்த ஆராய்ச்சிக்கான எண்ணைப் பிடரியில் தைத்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். இது தெரிந்த நாளிலிருந்து கடைக்கு வருபவர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு காலரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டி-ஷர்ட்டிலும் எம், எல் போட்ட சட்டையிலும் இது செல்லாது. டெய்லரிடம் தைத்துப் போடுபவருக்காக கல்லாவில் ஒரு இன்ச் டேப் வாங்கிப் போட்டிருக்கிறேன். “கழுத்துப் பட்டன் போட முடியுதா?” என்றும் கேட்பேன். 42 போட்டுக்கொண்டு பட்டன் எட்டாதவர் உண்மையில் 44.

டிரைவர் அண்ணன் சட்டை 42. குறட்டை, பகல் தூக்கம், மூச்சு நின்றது, பிரஷர், கழுத்து, ஆண் என்று ஆறு ‘ஆம்’. பருமன் அந்த அளவுக்கு இல்லை, வயதும் ஐம்பது ஆகவில்லை. பின்னாளில் கழுத்து அளவை ஆணுக்கு 43, பெண்ணுக்கு 41 என்று மாற்றினார்கள். அந்தக் கணக்குப்படி ஒன்று கழிந்தாலும் ஐந்து மிஞ்சுகிறது. முடிவு மாறவில்லை. ஆனால் இதைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். சட்டை 38 என்பதால் யாரும் தப்பிவிடுவதில்லை. சின்னத் தாடை, ஒடுங்கிய தொண்டை உள்ள ஒல்லியான ஆட்களுக்கும் இது வருகிறது. பெண்களிடம் குறட்டையை விட ‘தூக்கம் சரியில்லை, அசதி’ என்றே தலைகாட்டுவதால் சுலபமாகத் தவறிப்போகிறது.

ஒண்ணுக்கு வந்து எழுப்புகிறது என்றாரே, அதுவும் தலைகீழ். மூடிய தொண்டையோடு மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் இறங்கி இதயத்தின் மேலறை விரிகிறது. ‘தண்ணீர் அதிகம், வெளியேற்று’ என்று அது சிறுநீரகத்துக்குத் தவறான தகவல் அனுப்புகிறது. ராத்திரி சிறுநீர் என்றதும் சர்க்கரையையும் பிராஸ்டேட்டையும் சந்தேகிக்கிறோம். சரிதான், ஆனால் குறட்டையையும் கேட்க வேண்டும்.

இடையில் ஒரு சீட்டாட்டக் கதை. 1956இல் அமெரிக்காவில் பர்வெல் என்ற டாக்டரும் சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். வாரா வாரம் போக்கர் ஆடும் பருத்த தொழிலதிபர். ஒரு நாள் கையில் மூன்று ஏஸ், இரண்டு ராஜா. அப்படியொரு கை விழுந்தும் ஏலம் கேட்காமல் அப்படியே தூங்கிவிட்டார்! சில நாளில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் நின்றபடியே தூங்கும் ஒரு குண்டுப் பையன் வருவான். அவனை நினைத்து பர்வெல் அந்த நோய்க்குப் பெயர் வைத்தார். தூக்கத்தில் தொண்டை அடைப்பதே பலருக்குக் காரணம் என்பது ஐரோப்பாவில் 1965இல்தான் பதிவானது.

டிரைவருக்கு நான் மாத்திரை தரவில்லை. அவில் கொடுத்திருந்தால் அதன் மந்தம் மறுநாள் ஸ்டியரிங் வரைக்கும் கூடவே போயிருக்கும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: குறட்டை, மூச்சு நிற்பதை மனைவி பார்த்திருக்கிறார், இரண்டு மருந்திலும் பிரஷர் இறங்கவில்லை, வண்டி ஓட்டும்போது கண் செருகுகிறது, எட்டுக்கு ஆறு. நுரையீரல் டாக்டரையோ காது மூக்கு தொண்டை டாக்டரையோ பார்க்கச் சொன்னேன். நம் பக்கத்து ஆட்களுக்கு நுரையீரல் என்றால் தாம்பரம் சானடோரியம்தான். டாக்டர் சௌரிமுத்து 1928இல் காசநோய்க்காக ஆரம்பித்த இடம், இன்று அரசு நெஞ்சக மருத்துவமனை. “என்ன சார், எனக்கு டீபியா?” என்று பதறினார். இல்லை என்று புரியவைப்பதற்குள் கவுன்ட்டரில் நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். டாக்டர் பார்க்கும் வரை ராத்திரி சவாரி எடுக்கவேண்டாம் என்றேன். தவணை இருக்கிறது என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

திருப்பி அனுப்பும் காரணம் இது ஒன்றுதானா? இல்லை. எழுபது வயதுப் பெரியவருக்கு அவில் கேட்டு வந்தால், சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகிறதா என்று கேட்பேன். பிராஸ்டேட் வீங்கியவருக்கு இந்த மாத்திரை சிறுநீரை அடியோடு கட்டிவிடும். பாத்ரூம் போகும் வழியில் விழுந்து இடுப்பை முறித்துக்கொள்வதும் உண்டு. வாரத்தில் மூன்று ராத்திரி வீதம் மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை என்றால் அது மாத்திரைக் கதை அல்ல. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருபவரை அன்றைக்கே இதய டாக்டரிடம் அனுப்பவேண்டும்.

ஒன்றை மட்டும் அவசரமாகத் தாண்டமாட்டேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு அதற்குப் பிறகு தூங்காதவர், சாப்பாட்டில் பிடிப்பில்லாதவர், ஒரு அட்டை போதாது முழுப் பெட்டி வேண்டும் என்பவர். இவர்களிடம் கல்லாவை விட்டு வெளியே வந்து, “வாழவே வேண்டாம்னு தோணுதா?” என்று நேராகவே கேட்டுவிடுவேன். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. கேட்டால் அழுகிறார்கள், பேசுகிறார்கள். தனியாக அனுப்பமாட்டேன். வீட்டு ஆளை வரவழைத்து, கட்டணமில்லாத டெலி மானஸ் எண் 14416-ஐ அங்கேயே அவர் போனில் அழைக்கச் சொல்வேன். முயற்சி செய்துவிட்டு வந்தவர் என்றால் நேரே செங்கல்பட்டு அரசு மருத்துவமனை.

மெலடோனின் அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். தூக்க மாத்திரை கேட்டுக் கடைக்குப் போவதாக இருந்தால், பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஹாஸ்டல் பிள்ளைகளே, உங்களுக்கு ரூம்மேட் போதும்.