கல்யாணத்துக்கு முன் ஒரு குழாய் இரத்தம்: தலசீமியா பற்றி இதெல்லாம் தெரியுமா?

நாள் தவறாமல் மலையேறிக் கொழுந்து பறிக்கும், ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காத பெண்ணும் தலசீமியா காவியாக இருக்கலாம், தெரியுமா? அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று நமக்கு வரும் இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுது, மற்றது நலம். அவ்வளவுதான் காவி. அவருக்கு நோய் இல்லை, இனி வரப்போவதும் இல்லை!

நுவரெலியா குளிரில் மலேரியா நுளம்புக்கு வேலையில்லை. ஆனால் தலசீமியா பரவிக் கிடப்பது மலேரியா ஆட்டம்போட்ட நாடுகளில்தான். காவிகளை மலேரியா அவ்வளவாகக் கொல்லவில்லை என்பதால் பழுதான மரபணு தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது. நம் பாட்டன் பூட்டன் வந்த தமிழ்நாட்டுச் சமவெளிகளிலும் மலேரியா இருந்தது, இலங்கையின் குருநாகல், அனுராதபுரம் பக்கமும் இருந்தது. 2016இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பு அறிவித்துவிட்டது. மரபணு மட்டும் போகவில்லை!

அடுத்ததுதான் தோட்டத்தில் அடிக்கடி ஏமாற்றுவது. காவியின் சிவப்பணுவும் சிறியது, இரும்புச்சத்துக் குறைந்தவரின் சிவப்பணுவும் சிறியது. ஆகவே டிஸ்பென்சரியில் இரும்பு மாத்திரை கொடுத்துக்கொண்டே இருப்பார்கள், இரத்தமோ ஏறாது. எப்படிப் பிரிப்பது? முழு இரத்தப் பரிசோதனைச் சீட்டில் MCV என்ற வரியைப் பாருங்கள். 80க்குக் கீழே இருந்தால் அணு சிறியது. உதாரணத்துக்கு MCV 64, RBC 5.6 என்று வைத்துக்கொள்வோம். 64ஐ 5.6ஆல் வகுத்தால் 11 சொச்சம். 13க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சந்தேகம். அதே 64க்கு RBC 4 என்றால் 16 வரும், சந்தேகம் இரும்புப் பக்கம் திரும்பும். இது வெறும் துப்புதான், தீர்ப்பு அல்ல. தீர்ப்புச் சொல்வது HPLC என்ற பரிசோதனை: அதில் HbA2 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் காவி. இரும்புக் குறைவு கடுமையாக இருந்தால் இந்த எண் கொஞ்சம் இறங்கிக் காட்டிவிடும். அதனால் ஃபெரிட்டினையும் பார்த்துவிடுவது நல்லது.

முறைப்பையன் விஷயம் தெரியுமா? இலங்கையில் நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டு பேர் பீட்டா தலசீமியா காவிகள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. பெண் காவி, மாப்பிள்ளை வெளியாள் என்றால் அவரும் காவியாக இருக்கும் வாய்ப்பு அந்த இரண்டு சதவீதம்தான். மாப்பிள்ளை அத்தை மகன் என்றால்? பெண்ணுக்குப் பழுது அப்பா வழியே வந்திருக்கப் பாதி வாய்ப்பு. அப்பாவின் தங்கைக்கும் அது இருக்கப் பாதி. அவள் மகனுக்கு இறங்கியிருக்க இன்னொரு பாதி. ஆக எட்டில் ஒன்று! சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்பவர்கள் கட்டட்டும், பரிசம் போடுவதற்கு முன் இரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கட்டட்டும்.

இருவரில் ஒருவர் காவி இல்லை என்று உறுதியானாலே போதும், தெரியுமா? பிள்ளைகளில் சிலர் காவி ஆகலாம், கடும் நோய் வராது. காவிக்குக் கல்யாணமே கூடாது என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

இருவருமே காவி என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு நோய்ப் பிள்ளைக்கு வாய்ப்பு. மூத்ததுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று கணக்குப் போடுகிறார்களே, அது தப்பு. மூத்தது எப்படியிருந்தாலும் அடுத்ததற்கும் அதே நாலில் ஒன்றுதான். அந்தப் பிள்ளை பிறக்கும்போது கொழுகொழுவென்றே இருக்கும். வயிற்றுக்குள் இருந்தபோது ஓடிய வேறு வகை ஹீமோகுளோபின் சில மாதம் காப்பாற்றும். அது குறையக் குறைய வெளிறும், பால் குடிக்கவே களைக்கும். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுளுக்கும் இரத்தம். ஏற்றும் ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு. அதை வெளியேற்ற உடம்பில் வழியே கிடையாது! இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை இறக்கத் தினமும் மருந்து.

இன்னொன்று, இதைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. சைப்ரஸில் 1980களிலிருந்தே பரிசோதனைச் சான்று இல்லாமல் தேவாலயத்தில் கல்யாணம் நடக்காது. இருவரும் காவி என்று தெரிந்தும் பெரும்பாலான ஜோடிகள் கட்டிக்கொண்டார்கள். கருவைச் சோதித்து, வேண்டாமென்றால் கலைக்க அங்கே வழி இருந்தது. இலங்கையில் 1883ஆம் ஆண்டு தண்டனைச் சட்டக் கோவை தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கலைக்க விடுகிறது. கர்ப்பமான பின் முடிவெடுக்க இங்கே இடமே இல்லை, அதனால்தான் கல்யாணத்துக்கு முன்னே பார்க்கச் சொல்வது.

இருவரும் காவி, ஆனாலும் மனம் ஒத்துவிட்டது என்றால்? கட்டிக்கொள்ளலாம், எந்தச் சட்டமும் தடுக்காது. தத்தெடுக்கலாம். வெளியே கருவை உருவாக்கி, நோயில்லாததை மட்டும் வைக்கும் முறையும் உண்டு. லயத்துச் சம்பளத்துக்கு எட்டாத செலவு. பிள்ளை பெறுவதாக முடிவு செய்தால் இருவரின் HPLC சீட்டையும் முதல் கிளினிக்கிலேயே மிட்வைஃபிடம் காட்டுங்கள். குழந்தையை எப்போது, எந்தப் பரிசோதனையில் பார்ப்பது என்று டாக்டர் சொல்வார். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. இருவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளையும் பார்த்துவிடுங்கள், அவர்களில் ஒவ்வொருவருக்கும் பாதி வாய்ப்பு.