பன்னிரண்டு லட்சத்துக்குள் என்ன இருக்கிறது?

சென்னையில் மென்பொருள் சோதனைப் பணியில் 4 வருட அனுபவமுள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். இப்போது சி.டி.சி. 9.6 லட்சம். புதிய நிறுவனம் 12 லட்சம் தருவதாக ஆஃபர் அனுப்பியிருக்கிறது. 25 சதவீத உயர்வு என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கையில் எவ்வளவு வரும்?

ஆஃபருடன் வந்த சம்பள விவரத்தைப் பிரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 6 லட்சம். அதில் 12 சதவீதம், அதாவது 72,000 ரூபாய், நிறுவனம் கட்டும் பி.எஃப். கிராஜுவிட்டிக்கு ஒதுக்குவது சுமார் 29,000. வேரியபிள் 1.2 லட்சம், அது முழுதாக வரும் என்ற உறுதி இல்லை. இவை போக, நிச்சயமான ஃபிக்ஸட் சம்பளம் சுமார் 9.79 லட்சம். அதிலிருந்து ஊழியர் பங்கு பி.எஃப். 72,000 பிடித்தால், வரிக்கு முன் மாதம் சுமார் 75,500 ரூபாய்.

பழைய வேலையில் வேரியபிளே இல்லை. அடிப்படைச் சம்பளம் அங்கேயும் பாதி. இதே கணக்கைப் போட்டால் மாதம் சுமார் 68,500 வருகிறது. ஆக, உண்மையான உயர்வு சுமார் 10 சதவீதம்தான்.

சந்தை நிலவரம் விசாரிக்கும்போதும் இதே குழப்பம் வரும். ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் போன்ற தளங்களில் ஒருவர் சி.டி.சி.யைப் போட்டிருப்பார், இன்னொருவர் ஃபிக்ஸட்டை மட்டும் போட்டிருப்பார். பழைய பதிவுகளும் கலந்திருக்கும். அதனால் அதே ஊரில், அதே வேலையில், 3 முதல் 5 வருட அனுபவமுள்ள நாலைந்து பேரிடம் நேரடியாகக் கேட்பது நல்லது. "உனக்கு எவ்வளவு?" என்றால் தயங்குவார்கள். "இந்த வேலைக்கு ஃபிக்ஸட் எவ்வளவு தர்றாங்க?" என்றால் சொல்லிவிடுவார்கள்.

விசாரித்ததில் 10.5 முதல் 11.5 லட்சம் ஃபிக்ஸட் என்று தெரிகிறது என வைத்துக்கொள்வோம். கேட்க வேண்டியது 11.5, அதற்குக் கீழே இறங்கக்கூடாத எல்லை 10.5. ஆஃபரை ஏற்றுக்கொள்ளும் முன், எச்.ஆரிடம் இப்படிச் சொல்லலாம்: "ஆஃபருக்கு நன்றி மேடம், சேர விருப்பம் இருக்கு. இந்த அனுபவத்துக்கு ஃபிக்ஸட் பத்தரையிலிருந்து பதினொன்றரை லட்சம் வரை போகுது. எனக்குப் பதினொன்றரை தர முடியுமா?" சொன்னதும் நிறுத்திவிட்டு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். வீட்டுக் கடனையோ குழந்தையின் பள்ளிக் கட்டணத்தையோ காரணமாகச் சொன்னால் பேச்சு வேலையின் மதிப்பிலிருந்து விலகிப்போகும்.

"மொத்தத்தை ஏற்ற வழியில்லை" என்று பதில் வந்தால், வேரியபிளை ஃபிக்ஸட்டாக மாற்றக் கேட்கலாம். இந்தக் கணக்கில் 12 லட்சம் மாறாமலே ஃபிக்ஸட் 10.99 லட்சமாகிவிடும். ஜாயினிங் போனஸ் தருவதாகச் சொன்னால், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டுமா என்று பார்க்க வேண்டும். அது அடுத்த வருடச் சம்பளத்தில் சேராது என்பதையும் மறக்கக்கூடாது.

ஒப்புக்கொண்ட தொகை திருத்திய ஆஃபர் லெட்டரில் வந்த பிறகுதான் பழைய வேலையில் ராஜினாமா கொடுக்க வேண்டும். போனில் சொன்ன வார்த்தை சம்பளச் சீட்டில் ஏறாது.