மூன்று முகங்கள், மூன்று வாக்கியங்கள்

விற்பனைக்காகத் திரையில் ஓடும் ஸ்லைடுகளில், விற்பவர் தன் குரலில் பேசாத ஸ்லைடு ஒன்றுதான் உண்டு. ஏற்கெனவே வாங்கியவர்கள் பேசும் ஸ்லைடு அது. ஆனால் பல நிறுவனங்கள் அதைத்தான் கடைசி நேரத்தில் அவசரமாக நிரப்புகின்றன. வந்த பாராட்டுக் கடிதங்களை அப்படியே வெட்டி ஒட்டி, கீழே ‘மனநிறைவு பெற்ற வாடிக்கையாளர், சென்னை’ என்று போட்டுவிடுகிறார்கள். திரை முழுக்க எழுத்து. பார்ப்பவர் அதைப் படித்தால் பேசுபவரைக் கேட்க முடியாது. கேட்டால் படிக்க முடியாது. பெயரில்லாத பாராட்டை யார் சொல்லியிருப்பார் என்று அவருக்குத் தெரியாததால், நம்பவும் தோன்றாது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு இந்த ஸ்லைடைக் கட்டிப் பார்ப்போம். திருப்பூரில் உள்ள பின்னலாடை யூனிட்டுகளுக்குக் கையிருப்புக் கணக்கு மென்பொருள் விற்கும் சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். வாங்கலாமா என்று முடிவு செய்ய அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள்: முதலாளி, கணக்காளர், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். முதலாளிக்குப் பணத்தைப் பற்றிய கவலை. கணக்காளருக்கு ஜிஎஸ்டி கணக்கு ஒத்துப்போகுமா என்ற கவலை. ஸ்டோர்ஸ்காரருக்கோ, தினமும் இதோடு மல்லுக்கட்டப் போவது தான்தானே என்ற கவலை. அதனால் ஸ்லைடிலும் அந்த மூன்று வேலைகளைச் செய்கிற மூன்று பேர் பேச வேண்டும். மூன்று முதலாளிகள் பேசினால், மற்ற இருவருக்கும் அங்கே ஆள் இல்லாமல் போய்விடும்.

இப்போது வாக்கியத்துக்கு வருவோம். ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் ஒருவர் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புகிறார்: “உங்க சாஃப்ட்வேர் ரொம்ப நல்லா இருக்குங்க. முன்னாடியெல்லாம் மாசக் கடைசியில ஸ்டாக் எடுக்க மூணு நாள் ஆகும், பசங்க ராத்திரி உக்காந்து எழுதுவாங்க. இப்ப ஒரு மத்தியானத்துல முடிஞ்சிருது. ஆரம்பத்துல பார்கோடு ஒட்டறதுக்குத்தான் ரெண்டு மாசம் கஷ்டப்பட்டோம். உங்க ஆளுங்க வந்து சொல்லிக்கொடுத்தாங்க, நல்ல சர்வீஸ்.”

அவசரத்தில் இருப்பவர் இதிலிருந்து ‘ரொம்ப நல்லா இருக்கு’, ‘நல்ல சர்வீஸ்’ என்ற இரண்டையும்தான் எடுப்பார். அவை எந்தப் பொருளுக்கும் பொருந்தும். அதனாலேயே மனதில் நிற்காது. எடுக்க வேண்டியது மூன்று நாள் ஒரு மத்தியானமான செய்தியை. “மாசக் கடைசியில ஸ்டாக் எடுக்க மூணு நாள் ஆகும். இப்ப ஒரு மத்தியானத்துல முடிஞ்சிருது.” பதினோரு சொற்கள்தான். நடுவில் இருந்ததை விட்டிருக்கிறோமே தவிர, அவர் சொல்லாத சொல் ஒன்றும் இதில் இல்லை. ‘உக்காந்து’ என்பதை ‘அமர்ந்து’ என்று திருத்துவதுபோல், அவர் பேச்சை மேடைத் தமிழாக்கவும் கூடாது. திருத்தத் திருத்த அது விளம்பரக்காரரின் குரலாகிவிடும்.

பார்கோடு ஒட்டப் பட்ட இரண்டு மாதக் கஷ்டத்தை என்ன செய்வது? அதையும் சேர்த்துவிடலாம் என்பேன். “பார்கோடு ஒட்ட ரெண்டு மாசம் கஷ்டப்பட்டோம். இப்ப ஸ்டாக் எடுக்க ஒரு மத்தியானம்தான்” என்று சுருக்கி, அவரிடமே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். வாங்கப் போகிறவரின் மனதில் ஏற்கெனவே இருக்கும் அச்சத்தை இன்னொரு ஸ்டோர்ஸ்காரர் வாயால் கேட்கும்போது, அடுத்து வரும் நல்ல செய்திக்கு எடை கூடுகிறது. விட்டுவிட்டால் வேலை முதல் நாளே சுலபமாக முடியும் என்று அவர் நினைத்துக்கொள்வார், மூன்றாம் வாரத்தில் தொலைபேசியில் சத்தம் போடுவார்.

படத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே யோசிக்க வேண்டும். 2012இல் எரின் நியூமன் என்ற உளவியல் ஆய்வாளரும் அவரது குழுவினரும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ‘இன்ன பிரபலம் உயிரோடு இருக்கிறார்’ என்பதுபோன்ற கூற்றுகளில் சிலவற்றைப் படத்தோடும் சிலவற்றைப் படமில்லாமலும் காட்டினார்கள். அந்தப் படம் கூற்றுக்கு எந்த ஆதாரமும் தராதபோதும், படத்தோடு பார்த்த கூற்றுகளை உண்மையென்று சொல்லும் போக்கு கூடுதலாக இருந்தது. முகம் பக்கத்தில் இருந்தாலே சொல் நம்பத்தக்கதாகிவிடுகிறது. அதனால்தான் கடையில் வாங்கிய மாடல் படத்தை வாடிக்கையாளர் பெயருக்கு மேல் ஒட்டுவது ஏமாற்று வேலை. ஒருவர் படம் தர மறுத்தால் வேறொருவரைக் கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் மூவருக்குமே படத்தை எடுத்துவிட்டு நிறுவனங்களின் லோகோவைப் போடுங்கள். இரண்டு முகமும் ஒரு காலி வட்டமும் இருந்தால், பார்ப்பவர் கண் காலி வட்டத்துக்குத்தான் போகும்.

வாட்ஸ்அப் முகப்புப் படத்தை எடுத்துப் பெரிதாக்கினால் திரையில் கலங்கித் தெரியும். 1920 பிக்சல் அகலத் திரையில், 4.5 சென்டிமீட்டர் வட்டம் ஏறக்குறைய 255 பிக்சல் பிடிக்கும். முகத்தை மட்டும் வெட்டிய பிறகும் அதைப்போல் இரு மடங்கு பிக்சல் மிஞ்சுகிற படமாகக் கேட்டு வாங்குங்கள். வேலை செய்கிற இடத்திலேயே, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம் போதும். மூன்று முகங்களும் ஒரே அளவில், கண்கள் ஒரே கோட்டில் வரும்படி வெட்ட வேண்டும். ஒருவர் இடுப்பளவிலும் இன்னொருவர் நெற்றி வெட்டுப்பட்டும் தெரிந்தால், சொல்பவர்களில் ஒருவர் பெரியவர், ஒருவர் சிறியவர் என்ற எண்ணம் தானாக வந்துவிடும்.

மூவருக்கும் ஒரே அமைப்பு என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யலாம். வழக்கமான அகலத் திரை ஸ்லைடு 33.87 சென்டிமீட்டர் அகலம். இரு ஓரமும் இரண்டிரண்டு சென்டிமீட்டர், நடுவே ஒவ்வொரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், ஆளுக்குச் சுமார் 9.3 சென்டிமீட்டர் கிடைக்கும். 24 புள்ளி எழுத்தில் அந்த அகலத்துக்குள் தமிழ்ச் சொற்கள் வரிக்கு இரண்டு மூன்றுதான் அடங்கும். பதினைந்து சொல்லுக்கு மேல் போனால் கீழே பெயருக்கு இடம் இருக்காது. மேற்கோளின் நீளத்தை இந்த இடம்தான் தீர்மானிக்கிறது. கீழே பெயர் தடித்த எழுத்தில். அதன் கீழே சிறிதாகப் பொறுப்பு: ‘ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், 120 பேர் வேலை செய்யும் பின்னலாடை யூனிட், திருப்பூர்’. அந்த 120 என்ற எண் முக்கியம். தன் யூனிட்டும் அதே அளவுதான் என்று பார்ப்பவர் ஒப்பிட்டுக்கொள்வது அதை வைத்துத்தான்.

பவர்பாயிண்டில் இதை ஒவ்வொரு முறையும் கையால் நகர்த்திச் செய்தால் கோணலாகிவிடும். Slide Master உள்ளே போய், படத்துக்கு மூன்று வட்ட இடங்களும் எழுத்துக்கு மூன்று பெட்டிகளும் ஒரே அமைப்பாக வைத்துவிட்டால், படத்தைப் போட்டதும் அதுவே வட்டமாக வெட்டிக்கொள்ளும். முகம் நடுவில் வராவிட்டால் Crop மூலம் நகர்த்தலாம். எழுத்துப் பெட்டிகளில் Do not Autofit என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் நீளமான மேற்கோளின் எழுத்தை மென்பொருள் தானாகச் சிறிதாக்கும். மூவரில் ஒருவர் மட்டும் முணுமுணுப்பதுபோல் தெரிவார். நீளமாக இருந்தால் எழுத்தைச் சுருக்காமல் வாக்கியத்தைச் சுருக்குங்கள். தமிழ் எழுத்தில் மேலும் கீழும் சுழிகள் இருப்பதால், வரி இடைவெளி 1.2க்குக் குறைந்தால் ஒன்றோடொன்று உரசும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட விளம்பர வழிகாட்டுதல்கள், பரிந்துரை என்பது சொல்பவரின் உண்மையான, ஓரளவு அண்மைக்கால கருத்தாக இருக்க வேண்டும் என்கின்றன. அந்த அளவுகோலை இந்த ஸ்லைடுக்கும் வைத்துக்கொள்வது நல்லது. வாக்கியம், படம், பொறுப்பு மூன்றையும் ஸ்லைடில் இருக்கும் அதே வடிவில் அனுப்பி, சரி என்று எழுத்தில் வாங்கி, தேதியோடு ஸ்லைடின் அடிக்குறிப்புப் பகுதியில் வைத்திருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மூவரையும் அழைத்துக் கேட்கவும் வேண்டும். பின்னலாடைத் தொழிலில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர்கள் யூனிட் மாறுவது சாதாரணம். அவர் வேறிடம் போய்விட்டால், அந்தப் பொறுப்பு வரி பொய்யாகிவிடும். அதை அறையில் இருக்கும் யாராவது ஒருவர் தெரிந்து வைத்திருப்பார்.