பத்துக்கு ஐந்து வாங்கிய ஓட்டை

ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை 2014 ஏப்ரல் 7 அன்று வெளியே தெரிந்தது. இணையதளங்கள் தகவலைப் பூட்டி அனுப்பப் பயன்படுத்தும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில் அது இருந்தது. கடவுச்சொல் எதுவும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் ஒரு சின்னக் கோரிக்கை அனுப்பி, சர்வரின் நினைவகத்திலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை உருவ முடிந்தது. பெரும்பாலான சர்வர்களின் பதிவேட்டில் தடயமே விழவில்லை. கனடாவின் வருவாய்த் துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இப்படித்தான் திருடு போயின.

ஓட்டைகளின் தீவிரத்துக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும் முறை சி.வி.எஸ்.எஸ். அது அன்று ஹார்ட்பிளீடுக்குக் கொடுத்தது வெறும் 5.0.

கணக்கில் பிழை இல்லை. தொலைவிலிருந்து தாக்கலாம், தாக்குவது எளிது, உள்நுழைய வேண்டியதில்லை. இவற்றுக்கெல்லாம் முழு மதிப்பெண்தான். ஆனால் தாக்குபவரால் எதையும் மாற்றவோ சர்வரை முடக்கவோ முடியாது. கசிவதும் நினைவகத்தின் ஒரு துண்டு என்பதால் ‘பகுதிக் கசிவு’ என்று குறித்தார்கள். அந்தத் துண்டில் சர்வரின் ரகசியச் சாவியே இருக்கலாம் என்பதைப் பதியச் சூத்திரத்தில் இடமில்லை. பாதுகாக்கப்படும் தகவல் எத்தகையது என்பதை அவரவர் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அமெரிக்க அரசின் ஓட்டைத் தரவுத்தளமே ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டியிருந்தது. பின்னால் வந்த மூன்றாம் பதிப்பில் இதே ஓட்டைக்கு 7.5.

ஓட்டை எவ்வளவு மோசமானது என்பதைத்தான் பொதுவில் வெளியாகும் மதிப்பெண் சொல்கிறது. அதை யாராவது இப்போது பயன்படுத்துகிறார்களா, உங்கள் அலுவலகத்தில் அது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. முதல் கேள்விக்கு அமெரிக்காவின் சிசா அமைப்பு 2021 முதல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உண்மையில் தாக்குதலுக்குப் பயன்பட்ட ஓட்டைகள் மட்டுமே அதில் ஏறும். அடுத்த 30 நாளில் ஓர் ஓட்டை தாக்கப்படும் வாய்ப்பைக் கணிக்கும் இ.பி.எஸ்.எஸ். என்ற அளவும் உண்டு. இரண்டாம் கேள்விக்கான பதிலை நீங்கள்தான் தேட வேண்டும்.

ஓர் அலுவலகத்தில் இரண்டு பேட்ச்கள் காத்திருக்கின்றன என்று வையுங்கள். ஒன்று உள் வலையமைப்பில், இரண்டு பேர் மட்டுமே தொடக்கூடிய சோதனை சர்வரில், 9.8. மற்றொன்று ஊழியர்கள் வீட்டிலிருந்து நுழையும் வி.பி.என். பெட்டியில், 7.5, சிசா பட்டியலிலும் இருக்கிறது. நான் இன்றிரவே வி.பி.என். பெட்டியை நிறுத்திப் பேட்ச் போடுவேன். ஹார்ட்பிளீட் போன்ற கசிவு என்றால் பேட்சோடு வேலை முடியாது. பழைய சான்றிதழை ரத்து செய்து புதுச் சாவி போட்டு, அதன்பிறகே கடவுச்சொற்களை மாற்றச் சொல்ல வேண்டும். பேட்சுக்கு முன்னால் மாற்றினால் புதிய கடவுச்சொல்லும் அதே ஓட்டை வழியே கசியும்.

9.8 வார இறுதிப் பராமரிப்பு வரை காத்திருக்கலாம். அதற்குள் யாராவது அந்தச் சோதனை சர்வரை இணையத்துக்குத் திறந்துவிட்டால் வரிசை அப்போதே மாறும்.