உங்கட படி வளைவா, நேரா?

இந்த எபிசோட்டில ஒரு நிமிசத்தில சொல்லிப்போட்டுப் போன கதை ஒன்றை இங்கே கொஞ்சம் ஆறுதலாக எழுதுறன்.

பார்க் எக்ஸ் பக்கம் தளபாட ஷோரூம் வைத்திருக்கிற ஒரு அங்கிளை எங்கட குடும்பத்துக்கு நல்லாத் தெரியும். கடையின் வெப்சைற்றைத் திருத்தப் போன இடத்தில என்னைப் பிடிச்சிட்டார். “தம்பி, நீ கொம்பியூட்டர் படிச்சனிதானே? கிழமைக்கு மூன்று போஸ்ற் போடுறன். ஒருத்தரும் கொமென்ற் எழுதுறேல்ல. ஏன்?”

போஸ்ற்களைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே கப்ஷன்: “இந்தச் செற்றி எப்படி? கொமென்றில் சொல்லுங்கள்!” கீழே அவருடைய மருமகன் போட்ட இதயம் ஒன்று. அவ்வளவுதான்.

கேள்வியில்தான் பிழை. “எப்படி?” என்று கேட்டால் சொல்லக்கூடிய பதில் ஒன்றே ஒன்று: “நல்லாயிருக்கு.” பிடிக்கவில்லை என்று ஊர் அறிய எழுத எங்கட ஆட்கள் வரமாட்டினம், அங்கிள் நாளைக்குக் கோயிலில முகம் பார்ப்பார். விலை கேட்கவும் கூச்சம். ஆகவே வாசிக்கிறவர் பேசாமல் கடந்து போகிறார்.

இதிலே ஒரு பழைய கேஸ் பார்க்க வேண்டியது. 2009இல் சுவீடனின் மால்மோ நகரில் ஐகியா புதுக் கடை திறந்தது. கடை மனேஜர் கோர்டன் குஸ்தாவ்சன் பெயரில் பேஸ்புக் கணக்கு ஒன்று தொடங்கி, இரண்டு கிழமைக்குள் ஷோரூம் படங்கள் 12 போட்டார்கள். படத்தில் உள்ள ஒரு பொருளில் தன் பெயரை முதலில் டாக் பண்ணுகிறவருக்கு அந்தப் பொருள் சொந்தம். சனம் குவிந்தது. இலவசம் என்பது ஒரு காரணம்தான். ஆனால் வேலையைக் கவனியுங்கள்: படத்தை உற்றுப் பார்க்க வேண்டும், ஒன்றைத் தெரிய வேண்டும், அதில் தன் பெயரை வைக்க வேண்டும். “எப்படி?” என்று யாரும் கேட்கவில்லை. “இதில் எது உன்னுடையது?” என்பதுதான் அங்கே கேள்வி.

அதை அப்படியே இன்று செய்ய ஏலாது. படத்தில் இல்லாத ஆளைப் படத்தில் டாக் பண்ணச் சொல்லிப் போட்டி நடத்துவதை இன்ஸ்ரகிராமின் விதிகள் தடுக்கின்றன. அங்கிளின் அடுத்த யோசனையான “பிடிச்சால் YES என்று எழுதுங்கோ” என்பதும் சரிவராது. 2017 டிசம்பரிலேயே பேஸ்புக் அறிவித்துவிட்டது: லைக், வோட், ஷேர், டாக், கொமென்ற் என்று கெஞ்சி வாங்குகிற போஸ்ற்களைக் கீழே தள்ளுவோம் என்று. உண்மையாகவே பதில் தேடிக் கேட்கிற கேள்வி அந்தக் கணக்கில் வராது. வித்தியாசத்தை இப்படிப் பார்க்கலாம்: வருகிற பதிலை வைத்து நீங்கள் ஏதாவது செய்வீர்களா? “YES” என்ற சொல்லை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

நானும் ஒரு பிழை விட்டேன். இன்ஸ்ரகிராம் ஸ்ரோரியில் வாக்கெடுப்பு ஸ்ரிக்கர் வைத்து “சாம்பலா, பேஜா?” என்று கேட்டோம். வோட் நிறைய வந்தது, பேஜ் வென்றது. கடையில் பேஜ் இல்லை! அதோடு அந்த வோட் ஒன்றும் கொமென்ற் இல்லை. யார் எதுக்குப் போட்டார் என்று கடைக்கு மட்டும்தான் தெரியும், ஸ்ரோரியும் 24 மணித்தியாலத்தில் போய்விடும். ஒருவர் எழுதியதைப் பார்த்து இன்னொருவர் எழுத வோட்டில் இடமில்லை.

அதுக்குப் பிறகு கடைப் பையன்களிடம் கேட்டேன்: டெலிவரியில் பெரிய தலையிடி என்ன? மூன்று பேரும் ஒரே பதில்: “படி.” மொன்றியல் வீடு தெரியும்தானே. வெளியே வளைந்து ஏறுகிற இரும்புப் படி, மூன்றாம் மாடி, மேலே ஒடுங்கின கதவு. வாங்கின செற்றி வாசலோடு திரும்பி வந்த கதை எல்லாரிடமும் ஒன்று இருக்கு.

அதுதான் கேள்வி. செற்றியை ஷோரூமில் வைத்து எடுக்காமல், ஒரு வளைந்த படியின் அடியில் வைத்துப் படம் எடுத்தோம். கப்ஷன்: “உங்கள் வீட்டுப் படி வளைவா, நேரா? எத்தனையாம் மாடி?” பிரெஞ்சு மேலே, தமிழ் கீழே. கடை விளம்பரம் இங்கே பிரெஞ்சிலும் இருக்க வேணும், அதோடு பக்கத்து வீட்டுக்காரரும் வாசிக்க வேணும். கேள்வி முதல் வரியிலேயே இருந்தது. இன்ஸ்ரகிராம் கப்ஷனின் தொடக்கம் மட்டும்தான் விரிக்காமல் தெரியும், விலையையும் விலாசத்தையும் முன்னுக்குப் போட்டால் கேள்வி ஒளிந்துவிடும்.

இந்தக் கேள்விக்குப் பதில் எல்லாருக்கும் தெரியும், யோசிக்கத் தேவையில்லை. சரி பிழை இல்லை, யாரையும் நோகடிக்காது. இரண்டு சொல்லில் முடிக்கலாம், விரும்பினால் கதையும் சொல்லலாம். சொன்னார்கள். ஒரு அக்கா, கட்டிலைப் பல்கனியால கயிறு கட்டி ஏற்றினதை எழுதினா. அதுக்குக் கீழே வேறு இரண்டு பேர் தங்கட கதையைத் தொடங்கினார்கள்.

இனித்தான் முக்கியமான இடம். கடை பதில் எழுத வேண்டும், “நன்றி” என்று மட்டும் இல்லை. ஒருவர் “வளைவு, மூன்றாம் மாடி” என்று எழுதினால் அடுத்த கேள்வி: “கதவு திறந்தபடி எத்தனை அங்குலம்?” அவர் 32 என்கிறார். படத்தில் உள்ள செற்றி 84 அங்குல நீளம், 36 ஆழம், 34 உயரம். ஒரு முனையை முன்னுக்கு வைத்து நீளவாட்டில் கொண்டு போனால் நீளம் பிரச்சினை இல்லை, ஆழத்திலும் உயரத்திலும் சின்னது கதவுக்குள் போக வேண்டும். 34 போகாது. ஆனால் கால் 4 அங்குலம், கழற்றலாம். 30 ஆகும், போகும். படியின் வளைவில் திரும்புமா என்பதை மட்டும் பையன்கள் முதல் நாள் போய்ப் பார்ப்பார்கள். இந்த உரையாடலை வாசிக்கிற பத்துப் பேருக்கு ஒன்று தெரிந்துவிடும்: இந்தக் கடை அளந்து பார்த்துத்தான் விற்குது.

காலமும் முக்கியம். எங்கட லீஸ் அனேகமாக ஜூன் 30இல் முடிகிறது. வீட்டுக்காரரின் நோட்டிஸ் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வரும், பதில் சொல்ல ஒரு மாதம். ஆகவே “ஜூலை 1: இருக்கிறீங்களா, மாறுறீங்களா?” என்ற கேள்வி ஏப்ரல் கடைசியில் கேட்டால்தான் பதில் இருக்கும். வாக்கெடுப்பு ஸ்ரிக்கர் இதுக்கு நல்லது: மாறுகிறவர் யார் என்று கடைக்குத் தெரியவரும்.

வேலை செய்யுதா என்று எப்படி அறிவது? எண்ணிக்கையை விடுங்கள். கொமென்ற்களை வாசித்து மூன்றாகப் பிரியுங்கள்: சொந்தக்காரரும் இதயங்களும் ஒரு குவியல், ஒரு சொல் பதில்கள் ஒன்று, தன் வீட்டைப் பற்றி ஏதாவது சொன்னவை மற்றது. மூன்றாவது குவியல் வளராவிட்டால், மொத்தம் கூடினாலும் கேள்வி பிழை. அந்தக் குவியலிலும் எல்லாரும் வாங்கமாட்டினம். படிக் கதை சொல்ல வந்த பலருக்குச் செற்றி தேவையே இல்லை, அதை அங்கிளுக்கு முதலே சொல்லி வைத்தேன்.

போன கிழமை அங்கிள் தானாக ஒரு கப்ஷன் எழுதி அனுப்பினார்: “உங்கட வீட்டில அப்பா நித்திரை கொள்ளுற கதிரை எது?” அதில் திருத்த எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.