தும்மலுக்கு வெங்காயச் சத்தும் நெட்டில் இலையும்

இங்கிலாந்தில் ஜூன் மாதம் புல் பூக்கும். புல் எங்கே பூக்கும் என்று சிரிப்பவர்கள், அந்த மாதத்தில் லண்டன் ரயில் ஒன்றில் ஏறிப் பார்க்கலாம். பெட்டிக்கு நாலு பேராவது கண்ணைக் கசக்கிக்கொண்டு, கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். இதற்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் ‘ஹே ஃபீவர்’, அதாவது வைக்கோல் காய்ச்சல். இதில் காய்ச்சலே வராது, வைக்கோலின் மீதும் தப்பில்லை. ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர் 1819-இல் தன் சொந்தக் கண்ணெரிச்சலையும் மூக்கொழுகலையும் லண்டன் மருத்துவர்கள் முன்னால் விவரித்தார். கோடை வெப்பத்தின் மீதே அவருக்குச் சந்தேகம். குற்றவாளி மகரந்தம்தான் என்று காட்டியவர் மான்செஸ்டர் மருத்துவர் சார்ல்ஸ் பிளாக்லி. பசை தடவிய கண்ணாடியில் விழும் மகரந்தத்தை எண்ணினார், காற்றாடியில் கட்டி உயரத்திலும் பிடித்தார், 1873-இல் நூலாகவே எழுதிவிட்டார்.

இன்று அந்த ரயில் பயணிக்குக் கடையில் இரண்டு அலமாரிகள் காத்திருக்கின்றன. ஒன்றில் செடிரிசின், லோரட்டடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகள் இருக்கும். இன்னொன்றில் குவெர்செடின் என்ற தாவரச் சத்தும், நெட்டில் என்ற செடியின் காய்ந்த இலைத்தூளும் குப்பிகளில் இருக்கும். இரண்டாவது அலமாரியில் விலை கூடுதல். ‘இயற்கையான ஆன்டிஹிஸ்டமின்’ என்ற வாசகமும் பல இடங்களில் கண்ணில் படும். அந்த வாசகம் எந்த அளவுக்கு உண்மை?

மூக்கின் உட்தோலில் மாஸ்ட் செல்கள் என்று சில உண்டு. ஒவ்வாமை உள்ளவரின் மூக்கில் மகரந்தம் பட்டதும் அவை வெடித்தது போலத் திறந்து ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அந்த ஹிஸ்டமின் போய் நரம்பிலும் ரத்தக்குழாயிலும் உள்ள ஏற்பிகளில் உட்கார்ந்ததும் அரிப்பு, தும்மல், ஒழுகல் எல்லாம் தொடங்கும். செடிரிசின் செய்வது எளிய வேலை. அந்த ஏற்பியில் தான் முதலில் போய் இடம் பிடித்துக்கொள்ளும். ஹிஸ்டமின் வந்தாலும் உட்கார நாற்காலி கிடைக்காது. குவெர்செடினைப் பற்றிச் சொல்லப்படுவதோ வேறு வழி. மாஸ்ட் செல் திறக்காமலே அது தடுக்குமாம்.

கேட்க அபத்தமாக இல்லை. சோடியம் குரோமோகிளிகேட் என்ற மருந்து இதே வழியில்தான் வேலை செய்கிறது, கண் சொட்டு மருந்தாக இன்றும் விற்கிறது. அதன் மூலம், மத்தியதரைக்கடல் பகுதிச் செடி ஒன்றின் விதையில் உள்ள கெல்லின் என்ற பொருள். ரோஜர் ஆல்டூன்யன் என்ற பிரிட்டன் மருத்துவர், தாமே ஆஸ்துமாக்காரர், தம் நுரையீரலிலேயே வருடக்கணக்கில் சோதித்துப் பார்த்துப் பிறந்த மருந்து அது. குவெர்செடினின் வேதி வடிவமும் அந்த மருந்தின் உறவுக்காரன்தான். சோதனைக் குழாயில் மாஸ்ட் செல்கள் மீது குவெர்செடினை ஊற்றினால் ஹிஸ்டமின் வெளியேற்றம் குறைவதைப் பல ஆய்வகங்கள் பார்த்திருக்கின்றன.

சிக்கல் அந்தக் குழாய்க்கும் நம் வயிற்றுக்கும் இடையில் இருக்கிறது. குவெர்செடின் தண்ணீரில் சரியாகக் கரையாது. விழுங்கியதில் கொஞ்சம்தான் உடலில் சேரும், சேர்ந்ததையும் குடலும் கல்லீரலும் உடனே வேறு சேர்மங்களாக மாற்றிவிடும். ரத்தத்தில் எஞ்சுவது, சோதனைக் குழாயில் ஊற்றியதைவிடப் பல மடங்கு குறைவு. வேடிக்கை என்னவென்றால், வெங்காயத்தில் குவெர்செடின் சர்க்கரையோடு சேர்ந்து இருப்பதால் அது வெறும் தூளைவிட நன்றாகவே உடலில் சேரும். ஆனால் நூறு கிராம் வெங்காயத்தில் சில பத்து மில்லிகிராம்தான் உண்டு. குப்பியில் வரும் 500 மில்லிகிராமை வெங்காயத்தில் எட்டப் பார்த்தால், சாம்பார் வெங்காயத்தைக் கிலோக் கணக்கில் உரிக்க வேண்டியிருக்கும், கண் நீர் வேறு காரணத்துக்காக வழியும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்கப் பார்த்தவர்கள் ஜப்பானியர்கள். அங்கே வசந்தத்தில் சைப்ரஸ் குடும்பத்தைச் சேர்ந்த சுகி மர மகரந்தம் நாட்டையே தும்ம வைக்கும். எளிதில் உடலில் சேருமாறு நொதிகளால் மாற்றிய குவெர்செடின் வகை ஒன்றை, 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில், ஒவ்வொன்றிலும் இருபது பேர் அளவில், எட்டு வாரம் தினம் 100 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. மருந்து பெற்றவர்களுக்குக் கண் அரிப்பும் கண்ணீரும் குறைந்தன. மூக்கில் அந்த அளவுக்குத் தெளிவான வித்தியாசம் வரவில்லை. ஆக இதில் ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அது இருபது பேரின் கண்களைப் பற்றிய பேச்சு, அதுவும் தனியாகத் தயாரித்த ஒரு வகையைப் பற்றியது. கடைக் குப்பியில் உள்ள சாதாரணத் தூளுக்கு அந்த முடிவை அப்படியே ஒட்டிவிட முடியாது.

நெட்டிலின் கதை இன்னும் விசித்திரம். தொட்டால் தோல் தடித்து எரியும் செடி அது. நம் ஊர்க் காஞ்சொறியும் அப்படித்தான், ஆனால் அது ஆமணக்குக் குடும்பம், இது வேறு. நெட்டிலின் முள்முடிக்குள் இருக்கும் பொருள்களில் ஹிஸ்டமினும் ஒன்று! தோல் தடிப்புக்கு மருத்துவம் வைத்திருக்கும் ‘அர்டிகேரியா’ என்ற பெயரே இந்தச் செடியின் லத்தீன் பெயரிலிருந்து வந்ததுதான். அதைத்தான் உறைய வைத்துக் காயவைத்துக் குப்பியில் அடைத்து ஒவ்வாமைக்கு விற்கிறார்கள்.

இதற்கு ஆதாரமாக எங்கும் சுட்டப்படுவது ஒரே ஆய்வு. 1990-இல் வெளியான அது, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து நகரில் இயற்கை மருத்துவக் கல்லூரி ஒன்றில் நடந்தது. சேர்ந்தவர்கள் 98 பேர். அறிகுறி தொடங்கியதும் 300 மில்லிகிராம் இலைத்தூள் உள்ள குப்பி இரண்டை விழுங்க வேண்டும், பாதிப் பேருக்குப் போலிக் குப்பி. காலம் ஒரே ஒரு வாரம். முடித்தவர்கள் 69 பேர். நெட்டில் சாப்பிட்டவர்களில் 58 சதவீதத்தினர் பலன் தெரிந்தது என்றார்கள். முன்பு சாப்பிட்ட மருந்துக்கு இது சமம், அல்லது மேல் என்று கிட்டத்தட்டப் பாதிப் பேர் சொன்னார்கள். விளம்பரங்கள் எடுத்துக்கொள்வது இந்த இரண்டு எண்களைத்தான்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு அளவையும் இருந்தது. ஒவ்வொரு நாளும் அறிகுறியைக் குறித்துவரச் சொன்ன டைரி. வாரக் கடைசியில் ‘மொத்தத்தில் எப்படி’ என்று கேட்டபோது நெட்டிலுக்குக் கிடைத்த முன்னிலை, டைரிக் கணக்கில் சற்றே மிச்சம் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. பாதியில் விலகிய 29 பேர் ஏன் விலகினார்கள், பலனில்லாமலா என்பதும் கணக்கைப் புரட்டக்கூடிய கேள்வி. பிற்பாடு, 2017-இல் வெளியான ஈரானிய ஆய்வில் நெட்டில் வேர்ச்சாற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களும் தேறினார்கள், போலி மருந்து பெற்றவர்களும் தேறினார்கள். அறிகுறியில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை.

போலி மருந்துக்கும் தேறுவதா என்று வியக்க வேண்டாம். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒருவருக்கு ஜூன் முதல் வாரம் வறண்ட காற்று. தும்மல், ஒழுகல், அடைப்பு, கண் அரிப்பு என்ற நான்குக்கும் தினம் பூஜ்ஜியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண் போடுகிறார். பன்னிரண்டுக்கு எட்டு வருகிறது. தாங்காமல் திங்கட்கிழமை குவெர்செடின் வாங்குகிறார். செவ்வாய் முதல் மழை. மகரந்தம் கழுவப்பட்டு மதிப்பெண் நாலாகிறது. ‘அற்புதம்’ என்று மூன்று பேருக்குச் சொல்லிவிடுகிறார். மூன்றாவது வாரம் வெயில் திரும்புகிறது, குவெர்செடின் நிற்கவில்லை, மதிப்பெண் மறுபடி எட்டு. எல்லாரும் மாத்திரையைத் தொடங்குவது மிக மோசமான நாளில்தான். அதற்கு மேல் போக இடமில்லாததால் அடுத்த நாள்கள் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். இந்தக் குழப்பத்தை வெட்டுவதற்குத்தான் போலி மாத்திரைக் குழு.

அந்தக் கட்டத்தில் அவர் செடிரிசின் 10 மில்லிகிராம் ஒன்றைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு மணி நேரத்தில் தும்மலும் ஒழுகலும் அரிப்பும் தணியத் தொடங்கும். இது நம்பிக்கை சார்ந்த விஷயம் அல்ல. தோலில் ஊசி குத்திச் செய்யும் ஒவ்வாமைப் பரிசோதனைக்குப் போகிறவர்களிடம், சில நாள் முன்பே இந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தாவிட்டால், தோலில் வரவேண்டிய தடிப்பு வராமல் போய்ப் பரிசோதனையே பொய்த்துவிடும். ஹிஸ்டமினின் வழி அந்த அளவுக்கு அடைபட்டுவிடுகிறது.

மாத்திரைக்கும் எல்லை உண்டு. மூக்கடைப்பை அது பெரிதாகத் தொடாது. ஏனென்றால் அடைப்பில் ஹிஸ்டமின் தவிர வேறு பொருள்களுக்கும் பங்கு உண்டு. நம் மதிப்பெண்காரருக்கு எட்டு, நாலாகலாம். மிச்சத்தில் பெரும்பகுதி அடைப்பாகவே இருக்கும். அதற்கு ஃப்ளூடிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே மாத்திரையைவிட மேல். முழுப் பலன் தெரியச் சில நாளாகும் என்பதால், பருவத்துக்கு இரண்டு வாரம் முன்பே தினமும் அடிக்கத் தொடங்குவது வழக்கம். நம் ஊரில் பல காலம் சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கப்பட்ட அவில் போன்ற பழைய வகைகள் தூக்கத்தை வரவழைக்கும், வண்டி ஓட்டுகிறவருக்கு ஆகாது. செடிரிசினும் சிலரைச் சோர்வாக்கும், ஃபெக்ஸோஃபெனடின் மிகக் குறைவு. ஆனால் ஃபெக்ஸோஃபெனடினை ஆரஞ்சுச் சாற்றோடு விழுங்கினால் உடலில் சேர்வது குறைந்துவிடும், தண்ணீரே உத்தமம். மாதக்கணக்கில் செடிரிசின் எடுத்தவர்களில் அபூர்வமாகச் சிலருக்கு, நிறுத்தியதும் கடும் அரிப்பு வருவதாக 2025-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருக்கிறது.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு விஷயம். இங்கே வருடம் முழுக்கத் தும்முகிறவர்கள் பலருக்குக் காரணம் மகரந்தமே அல்ல, படுக்கையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சி. ஜப்பானியப் பருவகால ஆய்வை இந்த மூக்குக்குப் பொருத்திப் பார்க்கவே முடியாது.

குவெர்செடினைப் பார்த்துவிடுவோமே என்கிறவர் கண் அரிப்பில் கொஞ்சம் குறையலாம் என்று எதிர்பார்க்கலாம், அதுவும் பருவத்துக்குச் சில வாரம் முன்பே தொடங்கினால். செடிரிசினை நிறுத்திவிட்டு அதன் இடத்தில் இதை வைத்தால், நல்ல வெயில் நாளில் ஏமாந்து நிற்க நேரும். இரண்டையும் வைத்துக்கொண்டு, மகரந்த அளவு ஒரே மாதிரி இருந்த நாள்களில் எத்தனை செடிரிசின் தேவைப்பட்டது என்று எண்ணினால் உண்மை தெரியும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்தோ, உறுப்பு மாற்றத்துக்குப் பிறகு தரும் சைக்ளோஸ்போரினோ எடுப்பவர் குவெர்செடினைத் தொடும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும். நெட்டில் இலை சிறுநீரைக் கூட்டும், வைட்டமின் கே நிறைந்தது. ஆகவே வார்ஃபரின்காரருக்கும், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கும் அது வெறும் கீரைத்தூள் அல்ல. கர்ப்பிணிகளுக்கு அது வேண்டாம் என்பதே மருத்துவர்களின் வழக்கமான பதில்.