கோடுகள் சந்தித்தால் விற்றுவிடலாமா?

2020 மார்ச் கடைசி வாரம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அண்ணன் கைப்பேசியில் அழைத்தார்.

“டெத் கிராஸ் வந்திருச்சு தம்பி. எல்லாத்தையும் விக்கப் போறேன்.”

அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்தொடரும் நிதி ஒன்றில் அவர் பல ஆண்டுகளாகச் சேமித்து வந்தார். மகளின் படிப்புக்கான பணம் அது. மறுநாளே விற்றார். அப்போது குறியீடு ஏறத்தாழ 2,600 புள்ளிகளில் இருந்தது.

அவரை அப்படிப் பயமுறுத்தியவை இரண்டு கோடுகள். ஒன்று, கடைசி 50 வர்த்தக நாள்களின் விலைச் சராசரி. மற்றது 200 நாள்களின் சராசரி. தினமும் புதிய விலை ஒன்று சேரும், மிகப் பழைய விலை ஒன்று விலகும். அதனால்தான் இதற்கு ‘நகரும் சராசரி’ என்று பெயர். 50 நாள் கோடு 200 நாள் கோட்டுக்குக் கீழே இறங்கினால் ‘டெத் கிராஸ்’. மேலே ஏறினால் ‘கோல்டன் கிராஸ்’. சமீபத்திய பத்து வாரங்களின் சராசரி விலை, நாற்பது வாரச் சராசரியைவிடக் குறைந்துவிட்டதா, கூடிவிட்டதா என்பதை மட்டுமே இந்தச் சந்திப்பு சொல்கிறது.

இது எவ்வளவு தாமதமாக வரும் என்று ஒரு சிறு கணக்கில் பார்ப்போம். 50, 200-க்குப் பதிலாக 3 நாள், 5 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கின் விலை நாள்தோறும் 10, 9, 8, 7, 6 ரிங்கிட் என்று இறங்கி, பிறகு 7, 8, 9 என்று ஏறுகிறது. விலை 6-ஐத் தொட்ட அன்று 3 நாள் சராசரி 7, 5 நாள் சராசரி 8. விலை 8-க்கு ஏறியபோதும் 3 நாள் கோடு 7-இல் கீழேதான் கிடக்கிறது. 5 நாள் கோடு 7.20. விலை 9 ஆன அன்றுதான் 3 நாள் சராசரி 8 ஆகி, 7.40-இல் இருக்கும் 5 நாள் கோட்டைத் தாண்டுகிறது. அதாவது ‘வாங்கு’ என்ற சைகை கிடைப்பதற்குள் விலை அடிமட்டத்திலிருந்து மூன்று ரிங்கிட் ஏறிவிட்டது. சராசரி என்பதே பழைய விலைகளின் கூட்டுதானே, பின்தங்கித்தான் வரும்.

அண்ணனுக்கு நேர்ந்ததும் இதுதான். குறியீடு பிப்ரவரி 19-இல் உச்சத்தில் இருந்தது. மார்ச் 23-இல் அடிமட்டத்தைத் தொட்டது. டெத் கிராஸ் வந்ததோ மார்ச் 30-இல். வீழ்ச்சி முடிந்து ஒரு வாரம் ஆன பிறகு எச்சரிக்கை வந்திருக்கிறது! ஜூலை 9-இல் கோல்டன் கிராஸ் வந்தபோது குறியீடு 3,150-ஐத் தாண்டியிருந்தது. அண்ணன் திரும்ப வாங்கினார், விற்றதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான கூடுதல் விலையில்.

அப்படியானால் இந்தக் கோடுகள் வீணா? 2007 டிசம்பரைப் பாருங்கள். அப்போதும் இதே குறியீட்டில் டெத் கிராஸ் வந்தது. குறியீடு 1,480 அளவில் இருந்தது. அன்று விற்றவர், 2009 மார்ச்சில் அது 676-க்குச் சரிந்ததைக் கரையிலிருந்து பார்த்திருப்பார். 2009 ஜூனில் கோல்டன் கிராஸ் வந்தபோது ஏறத்தாழ 900-இல் வாங்கியிருக்கலாம். அடிமட்டத்தைப் பிடிக்கவில்லைதான், ஆனாலும் பெரிய இழப்பிலிருந்து தப்பியிருப்பார்.

சைகை ஒன்றே, வேறுபட்டது வீழ்ச்சியின் வேகம். 2007-இல் தொடங்கிய சரிவு பதினேழு மாதம் நீடித்தது. மெதுவாக நகரும் கோடுகளுக்கு அதைப் பிடிக்க நேரம் இருந்தது. 2020-இன் சரிவு ஐந்து வாரத்துக்குள் முடிந்துவிட்டது. சந்திப்பு நிகழும் நாளில், இது எந்த வகைச் சரிவு என்பதைக் கோடுகள் சொல்ல மாட்டா.

இன்னொரு பொறியும் உண்டு. விலை மாதக்கணக்கில் ஒரே அளவில் மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தால், இரண்டு கோடுகளும் பின்னிக்கொள்ளும். ஒவ்வொரு சந்திப்புக்கும் வாங்கி விற்றால், கொஞ்சம் ஏறியபின் வாங்கி, கொஞ்சம் இறங்கியபின் விற்போம். ஒவ்வொரு முறையும் தரகுக் கட்டணம் வேறு. இதை அடையாளம் காண்பது எளிது: 200 நாள் கோடு ஏறாமல் இறங்காமல் படுத்துக் கிடக்கும். அப்படிக் கிடக்கும்போது வரும் சந்திப்புக்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை.

அண்ணன் இன்னும் அதே கோடுகளைத்தான் பார்க்கிறார். ஆனால், சந்திப்பு வந்தால் முதலில் விலை உச்சத்திலிருந்தோ அடிமட்டத்திலிருந்தோ ஏற்கெனவே எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று கணக்கிடுகிறார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அடுத்த மூன்று ஆண்டுகளில் தேவைப்படும் தொகையை நிரந்தர வைப்புத்தொகைக்கு மாற்றிவிட்டார்.

“அந்தக் காசுக்கு எந்தக் கோடும் தேவையில்ல தம்பி” என்கிறார்.